100 ஹெர்ட்ஸுக்கு ஒரு வடிகட்டி

தாழ் அதிர்வெண் வடிகட்டி, அதாவது லோ-பாஸ் ஃபில்டர், ஓர் எல்லைக்குக் கீழே உள்ள அதிர்வெண்களைத் தடையின்றி விட்டு, அதற்கு மேலே உள்ளவற்றைப் படிப்படியாகக் குறைக்கும் சுற்று. அந்த எல்லைக்கு வெட்டு அதிர்வெண் என்று பெயர். அங்கே வெளிவரும் மின்னழுத்தம் உள்ளே போனதில் 0.707 பங்காக, டெசிபெல் கணக்கில் 3 குறைந்து இருக்கும். வீட்டு ஒலிபெருக்கி அமைப்பில் அடித்தொனியை மட்டும் எழுப்பும் சப்வூஃபருக்கு முன்னால் இருப்பது இத்தகைய வடிகட்டிதான். வெட்டு அதிர்வெண் 100 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டால், அதை வடிவமைக்கும் வழி முழுவதையும் எண்களோடு பார்த்துவிடலாம்.

ஒரே ஒரு ரெசிஸ்டரும் ஒரே ஒரு கெப்பாசிட்டரும் சேர்ந்தாலே வடிகட்டி கிடைத்துவிடும். ஆனால் அது மெதுவாகத்தான் வெட்டும். 100 ஹெர்ட்ஸுக்கு அமைத்தால் 200 ஹெர்ட்ஸில் இன்னும் 0.45 பங்கு மிச்சமிருக்கும். 1,000 ஹெர்ட்ஸில்கூடப் பத்தில் ஒரு பங்கு வந்துகொண்டிருக்கும். பேச்சுக்குரலின் பெரும்பகுதி இந்த எல்லைக்குள் விழுவதால், சப்வூஃபர் இருக்கும் மூலையிலிருந்து யாரோ முணுமுணுப்பதுபோல் கேட்கும். இரண்டாம் படி வடிகட்டி இதே இடங்களில் 0.24 பங்காகவும் நூறில் ஒரு பங்காகவும் குறைத்துவிடுகிறது.

அப்படியானால் இரண்டு எளிய வடிகட்டிகளை அடுத்தடுத்து வைத்தால் போதாதா என்று தோன்றும். தொலைவிலுள்ள அதிர்வெண்களைப் பொறுத்தவரை போதும். சிக்கல் எல்லைக்கோட்டின் அருகில்தான். ஒரே மதிப்புள்ள இரண்டை நேரடியாக இணைத்தால் இரண்டாவது முதலாவதின் மீது சுமையாக அமர்கிறது. 100 ஹெர்ட்ஸில் 0.707 கிடைக்க வேண்டிய இடத்தில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும். நடுவே ஒரு பெருக்கியை வைத்துப் பிரித்தாலும் பாதிதான். காக்க வேண்டிய 60, 80 ஹெர்ட்ஸ் ஒலிகளும் இந்தச் சரிவில் சேர்ந்து தொய்ந்துவிடும். எல்லை அருகே வளைவு எவ்வளவு நிமிர்ந்து நிற்கிறது என்பதை Q என்ற எண்ணால் குறிக்கிறார்கள். ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் மட்டும் கொண்டு 0.5-க்கு மேல் Q-வைப் பெற முடியாது. இங்கே தேவை 0.707. கம்பிச்சுருள் சேர்த்தால் அது கிடைக்கும், ஆனால் இவ்வளவு தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு அந்தச் சுருள் கனமாகவும் விலை கூடியதாகவும் இருக்கும்.

சுருளின் வேலையை ஒரு பெருக்கியிடம் கொடுப்பதுதான் ஆக்டிவ் ஃபில்டர். அதில் மிகப் பரவலாகப் புழங்கும் அமைப்பு சாலன்-கீ சுற்று. அமெரிக்காவின் எம்.ஐ.டி. லிங்கன் ஆய்வகத்தைச் சேர்ந்த சாலன், கீ என்ற இருவர் 1955-இல் இதை வெளியிட்டார்கள். அன்று வெற்றிடக் குழாய் செய்த வேலையை இன்று ஆப்-ஆம்ப் என்னும் சிறு சில்லு செய்கிறது.

சுற்று சிறியது. உள்வரும் சமிக்ஞை முதலில் R1 வழியாக ஒரு சந்திப்புக்கு வருகிறது. அங்கிருந்து R2 வழியாக ஆப்-ஆம்பின் நேர் முனையை அடைகிறது. அந்த நேர் முனைக்கும் தரைக்கும் நடுவே C2. ஆப்-ஆம்பின் எதிர் முனை அதன் வெளியீட்டோடு நேரடியாக இணைக்கப்படுவதால், நேர் முனையில் உள்ள மின்னழுத்தம் கூடாமல் குறையாமல் அப்படியே வெளிவரும். மீதமிருப்பது C1. சாதாரண வடிகட்டியாக இருந்தால் இது சந்திப்பிலிருந்து தரைக்குப் போயிருக்கும். இங்கே அதன் மறுகால் வெளியீட்டில் கட்டப்பட்டிருக்கிறது. சுற்றின் உயிரே இந்த ஒரு மாற்றத்தில்தான் இருக்கிறது.

மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில் சந்திப்பும் வெளியீடும் ஒரே மின்னழுத்தத்தில் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன. C1-இன் இரு கால்களுக்கும் இடையே வேறுபாடு இல்லை, ஆகவே அது இருந்தும் இல்லாததுபோல்தான். மிக உயர்ந்த அதிர்வெண்ணில் வெளியீடு ஏறத்தாழப் பூஜ்யம். C1-இன் மறுகால் தரையில் நிற்பதற்குச் சமம். எனவே இரண்டு கெப்பாசிட்டர்களும் சேர்ந்து வெட்டுகின்றன. இடைப்பட்ட எல்லைப் பகுதியில்தான் C1 தன் தனி வேலையைச் செய்கிறது. வெளியீட்டின் ஒரு பகுதியைச் சந்திப்புக்குத் திருப்பிக் கொடுத்து, ஊஞ்சலைச் சரியான தருணத்தில் தள்ளிவிடுவதுபோல், தொய்ய இருந்த வளைவை நிமிர்த்துகிறது. எவ்வளவு தள்ளுவது என்பதை C1, C2 இவற்றின் விகிதம் முடிவு செய்கிறது.

இரண்டு ரெசிஸ்டர்களையும் ஒரே மதிப்பாக, R என்று வைத்துக்கொண்டால் கணக்கு இரண்டே வரிகளில் அடங்கும்.

```
f = 1 / (2π · R · √(C1 · C2))
Q = ½ · √(C1 / C2)
```

கெப்பாசிட்டர்களின் விகிதம் வளைவின் வடிவத்தையும், அவற்றின் பெருக்கல்தொகை R-உடன் சேர்ந்து அதன் இடத்தையும் தீர்மானிக்கின்றன. வடிவத்தை முடிவு செய்தபின் R-ஐ மட்டும் மாற்றினால், அதே வடிவம் குலையாமல் வேறு அதிர்வெண்ணுக்கு நகரும்.

எந்த வடிவம் வேண்டும்? எல்லைவரை மேடு பள்ளம் இல்லாமல் தட்டையாக இருந்து பிறகு இறங்குவதைப் பிரிட்டிஷ் பொறியாளர் ஸ்டீஃபன் பட்டர்வொர்த் 1930-இல் விவரித்தார். இரண்டாம் படியில் அதற்குரிய Q 0.707. இரண்டாவது வாய்பாட்டில் இதை இட்டால் C1 என்பது C2-இன் சரியாக இரண்டு மடங்கு என்று வருகிறது.

இனி மதிப்புகள். R-ஐ முதலில் எடுத்துக்கொண்டு கெப்பாசிட்டரைக் கணக்கிட முனைவது இயல்புதான், ஆனால் நடைமுறைக்கு அது தலைகீழ். கெப்பாசிட்டர்கள் கடையில் 10, 15, 22, 33, 47, 68 என்று அகன்ற இடைவெளிகளில்தான் எளிதில் கிடைக்கும். ரெசிஸ்டர்களோ நெருக்கமான மதிப்புகளில், 1 சதவீதத் துல்லியத்தோடு மலிவாகக் கிடைக்கும். எனவே கெப்பாசிட்டரை முதலில் நிலைநிறுத்தி, எஞ்சியதை R-இன் மீது ஏற்றுவதே சரி. C2-வுக்கு 100 நானோஃபாரட், அதாவது உடலில் 104 என்று அச்சிட்டிருக்கும் சாதாரணக் கெப்பாசிட்டரை எடுத்துக்கொள்ளலாம். C1 200 நானோஃபாரட் ஆக வேண்டும். அதே 104-இல் இரண்டைப் பக்கவாட்டில் இணைத்தால் இரட்டிப்பு கிடைத்துவிடும். மூன்றும் ஒரே பட்டையிலிருந்து வந்தவையாக இருந்தால் மதிப்பு கூடினாலும் குறைந்தாலும் பெரும்பாலும் ஒன்றாகவே விலகும், விகிதம் கெடாது.

முதல் வாய்பாட்டைத் திருப்பி எழுதினால்:

```
R = 1 / (2π × 100 × 141.4 nF) ≈ 11,250 Ω
```

11 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் இரண்டைப் போட்டால் வெட்டு அதிர்வெண் 102 ஹெர்ட்ஸ். காதுக்கு இந்த வேறுபாடு ஒன்றுமே இல்லை. C1-க்கு ஒரே ஒரு 220 நானோஃபாரட்டைப் போட்டாலும் பழுதில்லை: Q 0.74 ஆகும், எல்லைக்கு முன்னால் எழும் மேடு ஒரு டெசிபெல்லில் இருபத்தைந்தில் ஒரு பங்குகூட இருக்காது, வெட்டு அதிர்வெண் 100 ஹெர்ட்ஸை ஒட்டியே நிற்கும்.

C2-வுக்கு 1 நானோஃபாரட்டை எடுத்திருந்தால் R 1.1 மெகாஓம் ஆகியிருக்கும். கணக்கு அதையும் ஏற்கும், சுற்று ஏற்காது. அவ்வளவு பெரிய ரெசிஸ்டர் தானே இரைச்சலை உண்டாக்கும், சுற்றுப்புற மின்கம்பிகளின் ரீங்காரத்தையும் இழுத்துக்கொள்ளும். மறுபுறம் 1 மைக்ரோஃபாரட்டை எடுத்தால் R 1.1 கிலோ ஓம் ஆகி, முன்னால் உள்ள கருவிக்குச் சுமை கூடும். R சில கிலோ ஓமிலிருந்து சில பத்து கிலோ ஓம்வரை விழும்படி கெப்பாசிட்டரைத் தேர்வதே நல்ல வழக்கம்.

கெப்பாசிட்டர் எந்த வகை என்பதும் மதிப்பைப்போலவே முக்கியம். பாலியெஸ்டர் ஃபிலிம் வகை இதற்குப் பொருத்தமானது. மலிவான செராமிக் வகைகள் பல, மின்னழுத்தமும் வெப்பமும் மாறும்போது தங்கள் மதிப்பையே மாற்றிக்கொள்ளும். அவற்றை இங்கே போட்டால் ஒலியில் சிதைவு சேரும். எலக்ட்ரோலிட்டிக் வகை 20 சதவீதம்வரை விலகக்கூடியது, வடிகட்டியின் இதயத்தில் அதற்கு இடமில்லை. ஆப்-ஆம்புக்கு, 100 ஹெர்ட்ஸில் டிஎல்072 போன்ற சாதாரணச் சில்லே தாராளம்.

காகிதத்தில் சரியாக இருந்த வடிகட்டி மேசையில் தவறுவதற்குப் பெரும்பாலும் காரணம், அதற்கு முன்னால் இருப்பது. வாய்பாடுகள், சமிக்ஞை தரும் கருவிக்கு உள்தடையே இல்லை என்று எடுத்துக்கொள்கின்றன. 10 கிலோ ஓம் வால்யூம் கன்ட்ரோலை நேரடியாக R1-க்கு முன்னால் வைத்தால், அது நடுநிலையில் 2.5 கிலோ ஓமை R1-உடன் கூட்டிவிடும். 102 ஹெர்ட்ஸ் 92-க்கு இறங்கும். குமிழைத் திருகும்போதெல்லாம் வெட்டு அதிர்வெண்ணும் நகரும். வால்யூமை வடிகட்டிக்குப் பின்னால் வைப்பது தீர்வு. அல்லது நடுவே இன்னோர் ஆப்-ஆம்ப். இன்னொரு தவறு, R1-க்கு முன்னால் நேர்மின்னோட்டத்தைத் தடுக்கும் கெப்பாசிட்டரை மட்டும் வைத்து விட்டுவிடுவது. அப்போது நேர் முனைக்குத் தேவையான மிகச் சிறிய மின்னோட்டம் வர வழியில்லாமல், வெளியீடு மெல்ல நகர்ந்து மின்வழங்கியின் ஒரு முனையருகே போய் ஒட்டிக்கொள்ளும். அந்தக் கெப்பாசிட்டரும் R1-உம் சேரும் இடத்திலிருந்து தரைக்கு 100 கிலோ ஓம் போட்டால் சரியாகிவிடும்.

கட்டி முடித்ததைச் சோதிக்க இந்தச் சுற்றே ஓர் எளிய வழியைத் தருகிறது. Q எதுவாக இருந்தாலும், வாய்பாட்டில் உள்ள f என்ற அதிர்வெண்ணில் வெளியீடு உள்ளீட்டைவிடச் சரியாக 90 பாகை பின்தங்கும். அங்கே வெளியீட்டை உள்ளீட்டால் வகுத்தால் கிடைப்பது Q-வேதான். அலைநோக்கியில் இரண்டு அலைகளையும் வைத்து, சைன் அலையின் அதிர்வெண்ணை மெல்ல மாற்றி, ஒன்று உச்சியில் இருக்கும்போது மற்றது பூஜ்யத்தைக் கடக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த இடம் 102 ஹெர்ட்ஸை ஒட்டி இருந்து, 1 வோல்ட்டுக்கு 0.7 வோல்ட் வந்தால் எல்லாம் சரி. இடம் சரியாக இருந்தும் 0.35 வோல்ட்தான் வருகிறது என்றால், C1-உம் C2-வும் இடம் மாறிப் பொருத்தப்பட்டிருக்கின்றன. பெருக்கல்தொகை மாறாததால் அதிர்வெண் அப்படியே நிற்கும், விகிதம் கவிழ்ந்ததால் Q பாதியாகிவிடும்.

இந்த அமைப்புக்கு ஒரு வரம்பும் உண்டு. அதிர்வெண் மிகவும் ஏறும்போது ஆப்-ஆம்பால் தன் வெளியீட்டை உறுதியாகப் பிடித்துவைக்க முடியாது. அப்போது சமிக்ஞை R1, C1 வழியாக நேரே வெளியீட்டுக்குக் கசிகிறது. இறங்கிக்கொண்டே போக வேண்டிய வளைவு ஓரிடத்தில் நின்று, மீண்டும் ஏறத் தொடங்கும். சப்வூஃபரில் இதனால் தொல்லையில்லை. அளவீட்டுக் கருவிகளில், டிஜிட்டல் மாற்றிக்கு முன்னால் உயர் அதிர்வெண் இரைச்சலைத் தடுக்க இதே சுற்றை வைத்தால், அந்தக் கசிவு அளவீட்டுக்குள்ளேயே புகுந்துவிடும். அங்கே வடிகட்டிக்குப் பின்னால் ஓர் எளிய ரெசிஸ்டர்-கெப்பாசிட்டர் இணையைச் சேர்ப்பார்கள், அல்லது எதிர் முனைக்குப் பல வழிகளில் பின்னூட்டம் தரும் வேறு அமைப்புக்கு மாறுவார்கள்.