25 டிகிரி அட்டவணையும் 450 டிகிரி உலையும்

வேதியியல் பாடப்புத்தகங்களின் பின்னிணைப்பில் ஓர் அட்டவணை இருக்கும். எந்தச் சேர்மம் உருவாகும்போது எவ்வளவு வெப்பம் வெளிவரும், எவ்வளவு உள்ளே போகும் என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். மேலே சின்ன எழுத்தில் 25 டிகிரி செல்சியஸ் என்று ஒரு குறிப்பு. அம்மோனியாவுக்கு எதிரே உள்ள எண்ணைப் பார்த்தால், ஒரு மோல் நைட்ரஜனும் மூன்று மோல் ஹைட்ரஜனும் சேர்ந்து இரண்டு மோல் அம்மோனியா ஆகும்போது 91.8 கிலோஜூல் வெப்பம் வெளிவரும் என்று கணக்காகும்.

ஆனால் 25 டிகிரியில் யாரும் அம்மோனியா செய்வதில்லை. அந்தக் குளிரில் நைட்ரஜன் அசைந்து கொடுக்காது. இரும்பு வினையூக்கி நிரப்பிய உலையில், 450 டிகிரி அளவில்தான் வேலை நடக்கும். அங்கே வெளிவரும் வெப்பம் எவ்வளவு? அட்டவணையில் அதற்குப் பதில் இல்லை. 450 டிகிரியில் உலைக்குள் அளந்து பார்ப்பதும் எளிதல்ல. ஆனால் அளக்காமலே கண்டுபிடிக்கலாம் என்று 1858-இல் ஒரு வழி சொன்னார் குஸ்தாவ் கிர்க்காஃப். மின்சுற்றுப் பாடத்தில் மாணவர்களைப் படுத்தும் அதே கிர்க்காஃப்தான்.

அவர் வழியில் மந்திரம் ஒன்றுமில்லை. 450 டிகிரியில் இருக்கும் நைட்ரஜனும் ஹைட்ரஜனும் 450 டிகிரி அம்மோனியாவாக மாற வேண்டும். நேர்வழியில் போகாமல் சுற்றுவழியில் போவோம். முதலில் இரண்டு வாயுக்களையும் 25 டிகிரிக்கு ஆறவிடுவோம். அங்கே, காகிதத்தின் மேல், வினையை நடத்துவோம். அதற்கான எண் கையில் இருக்கிறது. பிறகு கிடைத்த அம்மோனியாவை 450 டிகிரிக்குச் சூடாக்குவோம். புறப்பட்ட இடமும் சேர்ந்த இடமும் ஒன்றாக இருப்பதால், எந்த வழியில் போனாலும் மொத்த என்தால்பி மாற்றம் ஒன்றுதான்.

ஆறவிடும்போது எவ்வளவு வெப்பம் கிடைக்கும், சூடாக்க எவ்வளவு செலவாகும் என்பதைச் சொல்வது வெப்ப ஏற்புத்திறன். ஒரு மோல் பொருளை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான வெப்பம் அது. 25 டிகிரியில் நைட்ரஜனுக்கு 29.1 ஜூல், ஹைட்ரஜனுக்கு 28.8, அம்மோனியாவுக்கு 35.7. ஹைட்ரஜன் மூன்று மோல் என்பதை மறக்கக் கூடாது. தேர்வுத்தாளில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இங்கேதான். அப்படியானால் வினைபடு பொருள்களுக்கு மொத்தம் 115.6 ஜூல், இரண்டு மோல் அம்மோனியாவுக்கு 71.3 ஜூல்.

இறங்க வேண்டிய தூரமும் ஏற வேண்டிய தூரமும் 425 டிகிரி. வாயுக்களை ஆறவிட்டால் 49.1 கிலோஜூல் வரவு. வினையில் 91.8 வரவு. அம்மோனியாவைச் சூடாக்க 30.3 செலவு. மிச்சம் 110.6 கிலோஜூல். இதையே சுருக்கி ஒரே வரியில் எழுதுவார்கள்:

ΔH(T₂) = ΔH(T₁) + ΔCₚ × (T₂ − T₁)

ΔCₚ என்பது வினைவிளை பொருள்களின் வெப்ப ஏற்புத்திறனிலிருந்து வினைபடு பொருள்களின் வெப்ப ஏற்புத்திறனைக் கழித்தது. இங்கே அது 44.3 ஜூல், எதிர்க்குறியோடு. நான்கு மூலக்கூறுகள் இரண்டாகச் சுருங்குவதால் வெப்பத்தை வாங்கி வைத்துக்கொள்ள ஆள் குறைந்துவிடுகிறது. அந்த உபரிதான் வெளியே வருகிறது. சூத்திரத்தில் போடும்போது ஜூலைக் கிலோஜூலாக்க மறந்தால் விடை பதினெட்டாயிரத்துச் சொச்சத்தில் வந்து நிற்கும். அந்தப் பிழை தானாகவே கண்ணில் படும். குறி மாறிப்போன பிழை அப்படிப் படாது. அதனால் சூத்திரத்தை விட வரவு செலவாக எழுதிப் பார்ப்பதுதான் எனக்குப் பிடிக்கும்.

இருந்தாலும் 110.6 சரியான விடை இல்லை. 450 டிகிரிக்கான நம்பகமான அட்டவணைகளோடு ஒப்பிட்டால் 105.7 அளவில்தான் வருகிறது. ஐந்து கிலோஜூல் எங்கே போனது?

வெப்ப ஏற்புத்திறன் மாறாது என்று வைத்துக்கொண்டோமே, அங்கேதான் போனது. நைட்ரஜனும் ஹைட்ரஜனும் இரண்டிரண்டு அணுக்கள் இறுகப் பிணைந்த மூலக்கூறுகள். 450 டிகிரியிலும் அவை பறக்கும், சுழலும். அவற்றின் பிணைப்பு அதிர்வது மிகக் குறைவு. அதனால் நைட்ரஜனின் எண் 29.1-லிருந்து 31-க்கு அருகில் வருகிறது, ஹைட்ரஜன் 29.5-ஐத் தாண்டவில்லை. அம்மோனியா அப்படியல்ல. அதன் வடிவம் கூம்பு போன்றது. உச்சியில் நைட்ரஜன், கீழே மூன்று ஹைட்ரஜன்கள். விரித்த குடையின் கம்பிகள் மேலும் கீழும் அசைவதுபோல் அந்த மூன்றும் அசையும். சூடு ஏற ஏற இத்தகைய அசைவுகள் வெப்பத்தை விழுங்க ஆரம்பிக்கின்றன. 35.7-இல் இருந்த எண் 450 டிகிரியில் 49-ஐத் தொடுகிறது. செலவுக் கணக்கைக் குறைத்துப் போட்டுவிட்டோம்.

திருத்துவது எளிது. 25-க்கும் 450-க்கும் நடுவில், சுமார் 237 டிகிரியில், மூன்றுக்கும் உள்ள எண்களை எடுத்துக்கொள்ளலாம்: நைட்ரஜனுக்கு 29.6, ஹைட்ரஜனுக்கு 29.3, அம்மோனியாவுக்கு 42.4. இப்போது வரவு 49.9, வினையில் 91.8, செலவு 36.0. விடை 105.7. துல்லியம் இன்னும் வேண்டுமென்றால் வெப்ப ஏற்புத்திறனை வெப்பநிலையின் சமன்பாடாக எழுதித் தொகையீடு செய்ய வேண்டும். நூறு டிகிரிக்குள் நடக்கும் மாற்றங்களுக்கு இத்தனை பாடு தேவைப்படுவது அபூர்வம்.

இந்தப் பயணத்தில் அம்மோனியா ஒரு தொல்லையைக் கொடுக்கவில்லை. அது கொதிப்பது பூஜ்யத்துக்குக் கீழே 33 டிகிரியில். ஆகவே வழி நெடுக வாயுதான். தண்ணீர் அவ்வளவு சாது இல்லை. ஹைட்ரஜன் எரிந்து ஒரு மோல் தண்ணீராகும்போது 25 டிகிரியில் 285.8 கிலோஜூல் வெளிவரும். திரவத் தண்ணீரின் வெப்ப ஏற்புத்திறன் 75.3, எரியும் வாயுக்களுடையதை விட மிக அதிகம். அதனால் சூடு ஏற ஏற வெளிவரும் வெப்பம் குறைந்துகொண்டே போய், 100 டிகிரியில் 283.4 ஆகிறது. அங்கே நின்று, ஆவியாக்கும் செலவு 40.7-ஐக் கழிக்க வேண்டும். 242.7-க்கு ஒரே தாவு. அதற்கு மேல் போனால் நீராவியின் எண் 34 அளவில்தான் இருக்கிறது. வாயுக்களுடையதை விடக் குறைவு. இப்போது வெளிவரும் வெப்பம் மெல்லக் கூடுகிறது. நடுவில் நிற்காமல் 25-லிருந்து 150-க்கு ஒரே மூச்சில் கணக்குப் போட்டவருடைய விடை நாற்பது கிலோஜூல் தள்ளி நிற்கும். போகிற திசையும் தவறாக இருக்கும்.

அம்மோனியாவுக்கே திரும்பி வருவோம். ஒரு மோலுக்கு ஏழு கிலோஜூல் வித்தியாசம் என்பது காகிதத்தில் அற்பமாகத் தெரியலாம். ஒரு டன் அம்மோனியாவில் சுமார் 58,700 மோல் இருக்கிறது. 25 டிகிரி எண்ணை அப்படியே உலைக்குப் பயன்படுத்தினால் ஒரு டன்னுக்கு 400 மெகாஜூலுக்கு மேல் கணக்கில் விடுபடும். கொதிநிலையில் உள்ள 180 கிலோ தண்ணீரை ஆவியாக்க அந்த வெப்பம் போதும். இது வெளியேறாமல் வினையூக்கிப் படுகையிலேயே தங்கினால் படுகை சூடேறும். சூடேறினால் உருவான அம்மோனியா மறுபடி பிரியத் தொடங்கும். அதற்காகத்தான் உலையின் நடுவில் குளிர்ந்த வாயுவைச் செலுத்துகிறார்கள், அல்லது வெப்பத்தை இழுத்து நீராவி எடுக்கிறார்கள். எவ்வளவு வாயு, எவ்வளவு பெரிய கொதிகலன் என்று முடிவு செய்பவருக்கு 105.7 வேண்டும், 91.8 அல்ல.

அவருக்கும் வேலை அதோடு முடியாது. மேலே சொன்ன எண்கள் எல்லாம் வளிமண்டல அழுத்தத்தில் நல்லியல்பு வாயுக்களுக்கானவை. உலைக்குள் அழுத்தம் நூறு மடங்குக்கு மேல் இருக்கும். அங்கே மூலக்கூறுகள் ஒன்றையொன்று உணரும் தூரத்தில் நெருங்கிக் கிடக்கின்றன. அதற்கான திருத்தத்தைத் தனியாகப் போட்டு, இந்த எண்ணோடு சேர்க்க வேண்டும்.