பெட்டிக்குள் கிடந்தே உதிரும் சோல்

வருடத்தில் நாலைந்து நாள் மட்டும் வெளியே வருகிற ஒரு கறுப்பு ஷூ பல வீடுகளில் இருக்கும். கல்யாணம், நேர்காணல் முடிந்ததும் துடைத்துப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். ஐந்தாறு வருடம் கழித்து அதைப் போட்டுக்கொண்டு மண்டபத்துக்குள் நடந்தால், பின்னால் கறுப்புத் துணுக்குகள் உதிர்ந்துகொண்டே வரும். மேல்தோல் புதிதாகவே இருக்கிறது. சோல் மட்டும் பழைய கேக் போல நொறுங்குகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று கோபப்படுவோம். பெரும்பாலும் அவர்மேல் குற்றமில்லை. அது பாலியூரித்தேன் சோல், கடை வழக்கில் பி.யூ. சோல்.

இரண்டு திரவங்களைக் கலந்து அச்சில் விட்டால் அவை நுரைத்துப் பொங்கி, சில நிமிடங்களில் இறுகிச் சோலாகிவிடும். அந்தத் திரவங்களில் ஒன்று பாலியெஸ்டர் வகையாகவோ பாலியீதர் வகையாகவோ இருக்கலாம். தேய்மானத்தையும் எண்ணெயையும் நன்றாகத் தாங்குவது பாலியெஸ்டர்தான் என்பதால் ஷூவுக்கு அதையே அதிகம் எடுக்கிறார்கள். வம்பும் அங்கேதான். அதிலுள்ள எஸ்டர் பிணைப்பைத் தண்ணீர் வெட்டிவிடும். மழையில் நனைய வேண்டும் என்றுகூட இல்லை, காற்றிலிருக்கும் ஈரமே போதும். வெட்டுப்படும்போது அமிலம் உண்டாகிறது. அந்த அமிலம் அடுத்த வெட்டுகளை இன்னும் வேகமாக்குகிறது. வெப்பமும் புழுக்கமும் சேர்ந்த கடலோர ஊர்களில் இது சீக்கிரம் நடக்கும். ஷூவைப் போடாமல் வைத்திருப்பதால் அதன் ஆயுள் கூடாது.

கட்டைவிரல் நகத்தால் சோலின் பக்கவாட்டை அழுத்திப் பாருங்கள். நல்ல பி.யூ. உடனே நிமிர்ந்துவிடும். நகத்தடம் அப்படியே நின்றாலோ, பிசுபிசுத்தாலோ, பாதம் மடங்கும் இடத்தில் மெல்லிய வெடிப்புகள் தெரிந்தாலோ அதன் காலம் முடிந்துவிட்டது. வாங்கும்போதும் தள்ளுபடிக் குவியலில் கிடக்கும் பி.யூ. ஷூ என்றால், விலையைப் பார்க்கும் முன் பெட்டியில் அச்சிட்ட தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள்.

ரப்பருக்கு இந்த நோய் இல்லை. கந்தகம் சேர்த்துச் சூடாக்கிய ரப்பரின் பிணைப்புகளை ஈரம் அசைப்பதில்லை. வெயிலும் ஓசோனும் பட்டு அதுவும் வெடிக்கும், ஆனால் மெதுவாக. நடந்து தேய்வதிலும் மூன்றில் அதுவே நம்பகமானது. அதற்கு நாம் கொடுக்கும் விலை எடை. எட்டாம் நம்பர் ஷூவின் சோல் சுமார் 250 கன சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கெட்டி ரப்பரில் செய்தால் ஒரு கால் சோலே ஏறத்தாழ 290 கிராம் வரும். அதே அளவை நுரைத்த பி.யூ.வில் செய்தால் சுமார் 125 கிராம். இ.வி.ஏ. என்கிற ஃபோம் என்றால் 50 கிராம்தான். நாள் முழுக்க நடப்பவருக்கு இந்த வித்தியாசம் சாயங்காலம் காலில் தெரியும்.

ஆனால் ஃபோம் லேசாக இருப்பதே அதில் பெரும்பகுதி காற்று என்பதால்தான். தார்ச் சாலை அந்தக் காற்றறைகளின் மெல்லிய சுவர்களைச் சுலபமாகச் சுரண்டிவிடும். குதிகாலின் வெளி ஓரம்தான் முதலில் சரியும். அதோடு மிதிபட்டு மிதிபட்டு ஃபோம் அமுங்கிப்போகும். பழைய ஷூவை மேஜைமேல் வைத்துப் பின்னாலிருந்து பார்த்தால் அது ஒரு பக்கம் சாய்ந்து நிற்பது தெரியும்.

பிடிப்பைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு: பள்ளங்கள் ஆழமாக இருந்தால் வழுக்காது என்று. ஈர டைல்ஸில் வேலை செய்வது பள்ளத்தின் ஆழம் மட்டுமல்ல. தண்ணீரை ஓரம் தள்ளக் கூர்மையான விளிம்பு வேண்டும், தள்ளிய பிறகு தரையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் படிந்துகொள்ளும் மென்மையும் வேண்டும். மென்மையான ரப்பர் இதில் நன்றாகச் செய்யும். கல் போல இறுகிய மலிவு ரப்பர் செய்யாது. பி.யூ. நடுத்தரம், புதிதாக இருக்கும்போது அதன் மேல் ஒரு வழுவழுப்பான தோல் இருப்பதால் முதல் சில நாள் கவனம் தேவை. தேய்ந்து மழுங்கிய இ.வி.ஏ. சோலோடு ஈரக் குளியலறைப் பக்கம் போகாமலிருப்பது நல்லது.

நல்ல நடை ஷூக்களில் உடம்பை இ.வி.ஏ.வில் செய்து, குதிகால் ஓரத்திலும் விரல் முனையிலும் மட்டும் ரப்பர்த் துண்டுகள் ஒட்டியிருப்பார்கள். தினசரி நடைக்கு நான் தேர்ந்தெடுப்பது இதைத்தான். முழு ஃபோம் சோல் வாங்கிவிட்டவர்களும், ஓரம் சரியத் தொடங்கும்போதே செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து மெல்லிய ரப்பர்த் தகடு ஒட்டச் சொல்லலாம். உதிரத் தொடங்கிய பி.யூ.வில் மட்டும் இது நடக்காது. பசை பிடிக்க அங்கே உறுதியான பரப்பு இல்லை. பழைய சோலை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுச் சோல்தான் போட வேண்டும்.