கண் சொட்டு மருந்துத் தாளைப் பெரிய எழுத்தில் அமைப்பது எப்படி?

கண்புரை அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் பெரியவர்களிடம் ஒரு தாளைக் கொடுத்தனுப்புவார்கள். எந்தச் சொட்டு மருந்தை எத்தனை முறை விடுவது, தலைக்கு எப்போது குளிக்கலாம், என்ன தொந்தரவு வந்தால் உடனே ஓடி வரவேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆனால் எல்லாம் 11 பாயிண்ட் எழுத்தில், ஒரே பக்கத்தில் நெருக்கியடித்து அச்சாகியிருக்கும். அதைப் பெரியவரே படிக்கும்படி மாற்றித் தருவது வீட்டில் கணினி தெரிந்த யாராலும் முடியும்.

முதலில் தோன்றும் வழி ஜெராக்ஸ். ஏ4 தாளை ஏ3 ஆக்கினால் எழுத்து 141 சதவீதம் ஆகும். அதாவது 11 பாயிண்ட் ஏறத்தாழ பதினைந்தரை ஆகும். முதியோருக்கான பெரிய எழுத்து என்றால் 18 பாயிண்டாவது வேண்டும். போதாததற்கு, மங்கல் மங்கலாகவே இருக்கும். தாளும் கையில் அடங்காது. அதனால் கணினியில் புதிதாக அமைப்பதே நல்லது.

மூலக் கோப்பு கிடைத்தால் பாதி வேலை மிச்சம். ஆனால் அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருந்தால், எழுத்துருவை மாற்றியதும் எல்லாம் ஆங்கில எழுத்துக் குவியலாகிவிடும். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மென்பொருளில் யூனிகோடாக மாற்றிக்கொண்டு தொடங்குங்கள்.

எழுத்தளவை 20 என்று வையுங்கள். தமிழில் பார்வை மங்கியவர்கள் முதலில் தவறவிடுவது புள்ளியையும் கொம்பையும்தான். ‘க்’ என்பது ‘க’ ஆகத் தெரியும். ‘ெ’, ‘ே’ இரண்டும் ஒன்றாகத் தோன்றும். ஆகவே கோடுகள் ஒரே சீரான தடிமனில் உள்ள, அலங்காரமில்லாத எழுத்துருதான் ஏற்றது. நோட்டோ சான்ஸ் தமிழ் அப்படிப்பட்டது. தெளிவாக இருக்கட்டும் என்று முழுவதையும் தடித்த எழுத்தில் போடாதீர்கள். ‘ண’, ‘ஞ’ போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். தடித்த எழுத்து தலைப்புக்கு மட்டும் போதும்.

வரி இடைவெளியில் ஒரு கண்ணி உண்டு. வேர்டில் `Exactly` என்பதைத் தேர்ந்து சிறிய எண் கொடுத்தால், ‘கீ’யின் மேல்சுழியும் ‘மூ’வின் கீழ்ப்பகுதியும் வெட்டுப்படும். `Multiple` தேர்ந்து 1.3 அல்லது 1.4 கொடுங்கள். வரிகளை இருபுறமும் சமமாக்கவும் வேண்டாம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. பெரிய எழுத்தில் ஒரு வரிக்கு நான்கைந்து சொற்களே அடங்கும். சமமாக்கினால் சொற்களுக்கிடையே பள்ளம் விழுந்து, கண் அடுத்த சொல்லைத் தேடும். இடப்பக்கம் மட்டும் ஒழுங்காக இருந்தால் போதும்.

அடுத்தது அட்டவணை. மருந்து, முதல் வாரம், இரண்டாம் வாரம் என்று ஐந்து பத்திகள் கொண்ட அட்டவணை 20 பாயிண்டில் நொறுங்கிவிடும். அதைக் கலைத்து, வாரத்துக்கு ஒரு பக்கம் என்று பிரியுங்கள். ‘முதல் வாரம்’ என்று தலைப்பு. கீழே மருந்தின் பெயர், அதற்கடுத்த வரியில் விட வேண்டிய நேரங்கள்: காலை 8 மணி, பகல் 12 மணி, மாலை 4 மணி, இரவு 8 மணி. நேரங்களை மருத்துவமனையில் கேட்டு எழுதுங்கள். ஒரு பக்கம் இப்படி நான்கைந்து பக்கமாகும், அதில் தவறில்லை. ஆங்கிலத்தில் உள்ள மருந்துப் பெயரும் பெரிதாகியிருக்கிறதா என்று பாருங்கள். சில மென்பொருள்களில் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் எழுத்தளவு தனித்தனி. முடித்ததும் ஒருவர் மூலத்தாளை உரக்கப் படிக்க, மற்றவர் புதியதில் சரிபார்க்க வேண்டும். மருந்தில் ஓர் எண் மாறினாலும் ஆபத்து.

வயதாக ஆக விழிலென்ஸ் மஞ்சளித்து, கண்ணுக்குள் போகும் ஒளி குறைகிறது. சிகிச்சை ஒரு கண்ணில் முடிந்தாலும் மற்றக் கண்ணில் புரை இருக்கலாம். எனவே வெள்ளைத் தாளில் அடர்கறுப்பு எழுத்துதான் வேண்டும். சாம்பல் எழுத்தும், பின்னணியில் மங்கலான சின்னமோ படமோ அச்சிடுவதும் கூடாது. எச்சரிக்கை வரிகளைச் சிவப்பில் போடுவதைவிடக் கறுப்பிலேயே தடித்துப் போட்டு, சுற்றிலும் கட்டம் கட்டுங்கள். பளபளப்பான தாள் விளக்கொளியில் கூசும். மெல்லிய தாளில் மறுபக்க எழுத்து தெரியும். சாதாரணத் தாளில் ஒரு பக்கம் மட்டும் அச்சிடுங்கள்.

கடைசியாகச் சோதனை. “தெரியுதா பாட்டி?” என்று கேட்டால், “தெரியுதுப்பா” என்றுதான் பதில் வரும். அவர் வழக்கமாக உட்காரும் இடத்தில், அங்குள்ள விளக்கொளியில் தாளைக் கொடுத்து, “ரெண்டாவது வாரம் மத்தியானம் எந்த மருந்து பாட்டி?” என்று கேளுங்கள். விரல் சரியான வரிக்குப் போய் நிற்கிறதா, எந்த எழுத்தில் தடுமாறுகிறார் என்று கவனியுங்கள். தடுமாறினால் 24 பாயிண்டுக்குப் போகலாம். அதற்குமேலும் முடியவில்லையென்றால் சிக்கல் தாளில் இல்லை; அடுத்த பரிசோதனையில் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள், அதுவரை வேளாவேளைக்கு யாராவது படித்துச் சொல்லி மருந்து விடுங்கள்.