பிரஷ் மோட்டாரின் வேகக் கட்டுப்பாடு: ஒரு சோதனை, மூன்று எண்கள்

கார்பன் பிரஷ் கொண்ட நேர்மின் மோட்டாரைக் குறிப்பிட்ட வேகத்தில் ஓடவைக்க ஒரு கட்டுப்படுத்தி தேவை. என்கோடர் தரும் வேகத்தை அது வேண்டிய வேகத்தோடு ஒப்பிட்டு, பிழைக்கு ஏற்ப மின்னழுத்தத்தைக் கூட்டும் அல்லது குறைக்கும். எவ்வளவு மாற்றுவது என்பதை இரண்டு எண்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று, இப்போதுள்ள பிழையைப் பெருக்கும் விகிதப் பெருக்கம். மற்றொன்று, இதுவரை சேர்ந்த பிழையைப் பெருக்கும் தொகைப் பெருக்கம். பலர் இவற்றைத் திருகித் திருகிப் பார்த்தே முடிவுசெய்கிறார்கள். மோட்டாரை முதலில் அளந்துவிட்டால் இரண்டையும் கணக்கிட்டே பெறலாம். எவ்வளவு நம்பலாம் என்பதையும் சொல்லலாம்.

மோட்டாருக்குள் இரண்டு தாமதங்கள் உண்டு. சுருளில் மின்னோட்டம் ஏற எடுக்கும் நேரம் சிறிய மோட்டார்களில் ஒரு மில்லிசெகண்டை ஒட்டியது. சுழலும் பகுதியின் நிலைமத்தால் வேகம் ஏற எடுக்கும் நேரம் அதைவிடப் பல மடங்கு பெரியது. ஆகவே முதலாவதைத் தனியே கணக்கில் எடுக்காமல், மூன்று எண்களால் மோட்டாரை விவரிக்கலாம்: ஒரு வோல்ட்டுக்கு எவ்வளவு வேகம் கூடுகிறது என்ற பெருக்கம், எவ்வளவு விரைவில் கூடுகிறது என்ற கால மாறிலி, மாற்றம் தெரியத் தொடங்கும் முன் கழியும் தாமதம்.

இவற்றை அறியச் செய்வது படிச் சோதனை. மின்னழுத்தத்தை ஒரேயடியாக உயர்த்தி, வேகம் ஏறும் வளைவைப் பதிவுசெய்ய வேண்டும். நின்றுகொண்டிருக்கும் மோட்டாரில் இதைத் தொடங்கக் கூடாது. நிலையில் இருந்து பெயரும்போது எழும் உராய்வு, ஓடும்போதுள்ள உராய்வைவிட அதிகம். அது வளைவின் தொடக்கத்தைக் கெடுத்துவிடும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரிலேயே படியை ஏற்ற வேண்டும். பின்னர் அது சுமக்கப்போகும் சக்கரமோ கப்பியோ சோதனையின்போதும் பூட்டப்பட்டிருக்க வேண்டும்.

ஒரு 12 வோல்ட் மோட்டாரை எடுத்துக்கொள்வோம். 4 வோல்ட்டில் அது 1500 ஆர்.பி.எம்மில் ஓடுகிறது, 8 வோல்ட்டுக்கு உயர்த்தியதும் 3900-இல் நிலைக்கிறது. நான்கு வோல்ட்டுக்கு 2400 கூடியதால், பெருக்கம் வோல்ட்டுக்கு 600. இங்கே 3900-ஐ 8-ஆல் வகுத்திருந்தால் 487 என்ற தவறான விடை வந்திருக்கும். முதல் 1.5 வோல்ட் உராய்வை வெல்லவே செலவாகிவிடுவதுதான் காரணம். மாற்றத்தை மாற்றத்தால் வகுக்கும்போது அந்த 1.5 தானாகவே கழிந்துவிடுகிறது.

கால மாறிலிக்கும் தாமதத்துக்கும் வளைவில் இரண்டு புள்ளிகள் போதும். மொத்த ஏற்றத்தில் 28.3 சதவீதம், அதாவது 2179 ஆர்.பி.எம், எட்டிய நேரம் 37 மில்லிசெகண்ட். 63.2 சதவீதம், அதாவது 3017 ஆர்.பி.எம், எட்டிய நேரம் 90 மில்லிசெகண்ட்.

```
K     = 2400 / 4        = 600
tau   = 1.5 * (90 - 37) ≈ 80 ms
theta = 90 - 80         = 10 ms
```

என்கோடரின் அளவீடு சீராக ஏறாமல் படிப்படியாகத்தான் ஏறும். ஒரு சுற்றுக்கு 48 துடிப்பு தரும் என்கோடரை 10 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை படித்தால், ஒரு துடிப்பின் வேறுபாடே 125 ஆர்.பி.எம் ஆகிவிடும். எனவே ஒரே வளைவை நம்பாமல், சோதனையைப் பலமுறை செய்து சராசரி எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறை கிடைத்த மூன்று எண்களையும் தனித்தனியே குறித்துவைப்பதும் அவசியம். அவற்றின் சிதறல் பின்னர் உதவும்.

எண்களைப் பயன்படுத்தும் முன், மோட்டாரின் நடத்தையை அவை சரியாக விவரிக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கணக்குக்குப் பயன்படாத வேறொரு சோதனையை, உதாரணமாக 8 வோல்ட்டிலிருந்து 5-க்கு இறக்குவதை, முன்கூட்டியே கணித்து உண்மை வளைவோடு ஒப்பிடலாம். வேகம் 2100-க்கு இறங்க வேண்டும். கால மாறிலி 80-ஐ ஒட்டியே இருக்க வேண்டும். இறங்கும்போது மட்டும் பல மடங்கு நேரம் எடுத்தால் குறை பெரும்பாலும் டிரைவரின் அமைப்பில் இருக்கும்: துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரத்தில் மோட்டாரின் முனைகளை அது திறந்துவிடுகிறது, மோட்டார் தன்போக்கில் உருள்கிறது. அந்த நேரத்தில் முனைகளை இணைத்துவைக்கும் பிரேக் முறைக்கு மாற்றிச் சோதனையை மீண்டும் செய்ய வேண்டும். ஏறும் வளைவின் தொடக்கம் மந்தமாக இருந்தால், படி ஏறும் கணத்தில் மின்கலத்தின் அழுத்தம் சரிகிறதா என்று அளக்க வேண்டும்.

இனிப் பெருக்கங்களைக் கணக்கிடலாம். நார்வே நாட்டுப் பொறியியலாளர் சிகுர்ட் ஸ்கோகஸ்டாட் 2003-இல் வெளியிட்ட எளிய விதி இதற்குப் பொருத்தமானது. அதற்கு முன் தாமதத்தில் ஒரு திருத்தம் வேண்டும். கட்டுப்படுத்தி 10 மில்லிசெகண்டுக்கு ஒருமுறைதான் மின்னழுத்தத்தை மாற்றுகிறது. இதனால் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 5 மில்லிசெகண்ட், கூடுதலாகத் தாமதிக்கிறது. படிச் சோதனையில் இது தெரியாது. ஆகவே தாமதம் 15 மில்லிசெகண்ட்.

```
Kp = tau / (K * (lambda + theta))
Ki = Kp / tau
```

இதில் `lambda` என்பது மோட்டார் எவ்வளவு விரைவாகப் பதில்சொல்ல வேண்டும் என்று நாம் தேர்ந்தெடுக்கும் நேரம். தாமதத்துக்குச் சமமாக 15 என்று வைப்பதே வழக்கம். அப்போது `Kp` 0.0044 ஆகிறது. 8 வோல்ட்டில் ஓடும்போது 1000 ஆர்.பி.எம் கூட்டச் சொன்னால் கட்டுப்படுத்தி உடனே 12.4 வோல்ட் கேட்கும். கையில் இருப்பதோ 12. `lambda`-வை 25 ஆக்கினால் `Kp` 0.0033, `Ki` 0.042. அதே கட்டளைக்கு 11.3 வோல்ட் போதும். மின்னழுத்தம் எல்லையைத் தொடும் சமயங்களில் பிழை சேர்வதை நிறுத்திவைக்கும் வரி ஒன்றும் நிரலில் இருக்க வேண்டும். இல்லையேல் வேகம் இலக்கைத் தாண்டிப் போய்த் திரும்பும்.

இந்த எண்களை எவ்வளவு நம்பலாம்? மோட்டார் ஊசலாடத் தொடங்க வேண்டுமானால், பெருக்கத்தைக் கால மாறிலியால் வகுத்த ஈவு கணக்கிட்டதைவிட ஏறத்தாழ நான்கு மடங்காக வேண்டும். அல்லது தாமதம் 15-லிருந்து 60 மில்லிசெகண்டுக்கு மேல் போக வேண்டும். பலமுறை சோதித்ததில் பெருக்கம் 570-க்கும் 630-க்கும் இடையிலும், கால மாறிலி 74-க்கும் 86-க்கும் இடையிலும் சிதறியிருந்தால், மிக மோசமான சேர்க்கையிலும் அந்த ஈவு 15 சதவீதத்துக்கு மேல் கூடாது. நான்கு மடங்கு இடைவெளியோடு ஒப்பிட்டால் இது அற்பம். அளவீட்டுச் சிதறலை இப்படி இடைவெளியோடு ஒப்பிடுவதே நம்பிக்கைக்கு அடிப்படை.

சிதறலில் அகப்படாத மாற்றங்களும் உண்டு. மோட்டார் சூடேறினால் செம்புச் சுருளின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் கூடும். 50 டிகிரி சூடேறினால் கால மாறிலி ஏறக்குறைய 20 சதவீதம் நீளும். இதை மேற்கண்ட இடைவெளி தாங்கும். சுமையின் நிலைமம் மும்மடங்கானால் மோட்டார் ஊசலாடாது. ஆனால் மந்தமாகி இலக்கைத் தாண்டும். அப்போது மறுபடி அளப்பதே சரி.

கடைசியாக, கட்டுப்படுத்தியை இணைத்து, மின்னழுத்தம் எல்லையைத் தொடாத சிறிய கட்டளை ஒன்றைக் கொடுக்க வேண்டும். தாமதமும் `lambda`-வும் சேர்ந்து 40 மில்லிசெகண்டை ஒட்டி வேகம் 63 சதவீத மாற்றத்தை எட்டினால் கணக்கு சரி. பெரிதாக விலகினால் பெருக்கங்களைத் திருகக் கூடாது. அளவீட்டுக்குத் திரும்பி, மூன்று எண்களில் எது பிழை என்று பார்க்க வேண்டும்.