பானை சொல்லும் வெப்பநிலை

சித்திரை மாதத்து மதியம் இரண்டு மணி. திண்டுக்கல்லில் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸ், காற்றின் ஈரப்பதம் 25 சதவீதம். அதே நேரத்தில் சென்னையில் 35 டிகிரி, ஈரப்பதம் 65 சதவீதம். கணக்குப் போட வசதியாக நான் எடுத்துக்கொண்ட எண்கள்தாம் இவை. ஆனாலும் இரண்டு ஊர்க்காரர்களும் பார்த்துப் பழகியவைதான். இப்போது கேள்வி: நிழலில் நின்று ஒரு மணி நேரம் வேலை செய்ய வேண்டும் என்றால் எந்த ஊர் உடம்புக்கு அதிக ஆபத்து?

திண்டுக்கல் என்றுதான் பலரும் சொல்வீர்கள். ஐந்து டிகிரி கூடுதலாயிற்றே! விடையைப் பிறகு பார்ப்போம். முதலில் மூலையில் இருக்கும் மண்பானையைக் கவனியுங்கள்.

மண்பானையின் சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துளைகள் இருக்கின்றன. உள்ளே இருக்கும் தண்ணீர் அவற்றின் வழியே கசிந்து வெளிப்புறத்தை நனைக்கிறது. அந்த ஈரம் ஆவியாகக் காற்றில் கலக்க வெப்பம் வேண்டும். அதைப் பானையிடமிருந்தும் தண்ணீரிடமிருந்தும் எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் சித்திரை வெயிலில் பானைத் தண்ணீர் அவ்வளவு குளிர்ச்சியாக இருக்கிறது. அதே பானையை ஐப்பசி மழை நாளில் தொட்டுப் பாருங்கள். வெளிப்புறம் நசநசவென்று ஈரமாகவே இருக்கும், ஆனால் தண்ணீர் காற்றைவிட அப்படி ஒன்றும் குளிர்ந்திருக்காது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் பானையின் ஈரம் காய வழியில்லை.

அப்படியானால் நனைந்த ஒரு பொருளைக் காற்று எவ்வளவு தூரம்தான் குளிர்விக்கும்? அதற்கு ஓர் எல்லை உண்டு. எவ்வளவு விசிறினாலும் அதற்குக் கீழே இறங்காது. அந்த எல்லைக்குத்தான் ஈரக்குமிழ் வெப்பநிலை என்று பெயர். பானை அந்த எல்லைவரை போவதில்லை, சில டிகிரி மேலேயே நின்றுவிடும். சரியாக அளக்க வெப்பமானி வேண்டும்.

இதைப் பள்ளியிலேயே செய்து பார்க்கலாம். ஆசிரியரிடம் கேட்டு ஆய்வகத்திலிருந்து இரண்டு வெப்பமானிகளை வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே சிவப்புத் திரவம் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். பாதரச வெப்பமானி உடைந்தால் வம்பு, காய்ச்சல் பார்க்கும் கருவி இதற்கு உதவாது. ஒன்றை அப்படியே நிழலில் தொங்கவிடுங்கள். மற்றொன்றின் அடிக்குமிழில் பழைய வேட்டித் துணியை ஒரு சுற்றுச் சுற்றி, துணியின் நுனியைச் சின்னக் கிண்ணத் தண்ணீரில் தொங்கவிடுங்கள். குமிழ் தண்ணீருக்குள் முங்கிவிடக் கூடாது, துணி மட்டும் நீரை உறிஞ்சி மேலே இழுக்க வேண்டும். மின்விசிறியை இரண்டின் மீதும் படும்படி வையுங்கள். துணி சுற்றிய வெப்பமானியில் அளவு இறங்கிக்கொண்டே வந்து, பத்து நிமிடத்துக்குள் ஓரிடத்தில் நின்றுவிடும். அதுதான் ஈரக்குமிழ் அளவு.

இதில் பிழை வரக்கூடிய இடங்களும் உண்டு. துணி அழுக்காக இருந்தாலோ, உப்புத் தண்ணீரில் ஊறி விறைத்துப்போனாலோ, காற்று போதாமல் இருந்தாலோ ஈரம் சரியாக ஆவியாகாது. வெப்பமானி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். நம் ஊர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் உப்பு அதிகம் என்பதால் மழைநீரோ, வடித்த நீரோ ஊற்றுவது நல்லது.

இப்போது நம் இரண்டு ஊர்களுக்கும் கணக்கைப் பார்ப்போம். 40 டிகிரி, 25 சதவீத ஈரப்பதம் உள்ள திண்டுக்கல் காற்றில் ஈரக்குமிழ் அளவு ஏறக்குறைய 24 டிகிரி. 35 டிகிரி, 65 சதவீத ஈரப்பதம் உள்ள சென்னைக் காற்றில் அது 29 டிகிரியைத் தாண்டுகிறது. காய்ந்த வெப்பமானி சொன்னதை நனைந்த வெப்பமானி தலைகீழாக்கிவிட்டது.

காரணம் காற்றுக்குள் இருக்கிறது. 40 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 51 கிராம் நீராவியைத் தாங்கும். திண்டுக்கல் காற்றில் அதில் கால் பங்குதான், அதாவது 13 கிராம்தான் இருக்கிறது. இன்னும் 38 கிராமுக்கு இடம் காலி. சென்னையின் 35 டிகிரிக் காற்றால் 40 கிராம்வரைதான் தாங்க முடியும், அதிலும் 26 கிராம் ஏற்கெனவே நிறைந்துவிட்டது. மிச்சமிருப்பது 14 கிராமுக்கான இடம். திண்டுக்கல்லிலிருந்து கடல் நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கிறது, மேற்கே பழனி மலைத்தொடர் தென்மேற்குப் பருவக்காற்றின் மழையை மறிக்கிறது. அதனால் நம் சமவெளிக் காற்று வறண்டே கிடக்கிறது. சென்னைக்கோ கடல் வாசலிலேயே இருக்கிறது.

நம் உடம்பும் அந்தப் பானையைப் போலத்தான் குளிர்கிறது. உடம்பின் உள்ளே வெப்பநிலை 37 டிகிரி. வெயில் காலத்தில் தோல் ஏறக்குறைய 35 டிகிரியில் இருக்கும். சும்மா உட்கார்ந்திருந்தாலும் உடம்பு வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது, வேலை செய்தால் அது பல மடங்கு ஆகும். சுற்றியுள்ள காற்று 35 டிகிரியைத் தொட்டுவிட்டால் அந்த வெப்பத்தை வெளியே தள்ள வியர்வை ஒன்றுதான் கதி. ஒரு லிட்டர் வியர்வை காய்ந்தால் உடம்பிலிருந்து சுமார் 580 கிலோகலோரி வெப்பம் போகும். 30 டிகிரியில் இருக்கும் எட்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கக்கூடிய வெப்பம் அது!

ஆனால் காய்ந்தால்தான் குளிரும். சொட்டினால் குளிராது. நெற்றியிலிருந்து மூக்கு நுனிக்கு வந்து தரையில் விழும் வியர்வைத் துளி உடம்புக்கு ஒரு பயனும் தராமல் போகிறது. தண்ணீரும் உப்பும் போனதுதான் மிச்சம். புழுக்கத்தில் உடம்பெல்லாம் தொப்பலாக நனைந்திருந்தும் எரிச்சல் தணியாதது இதனால்தான். குளிர்ச்சி போதாதபோது உடம்பு இன்னும் அதிக ரத்தத்தைத் தோலுக்கு அனுப்புகிறது, இதயம் வேகமாக அடிக்கிறது. தாத்தா பாட்டிகளுக்கும் இதய நோயாளிகளுக்கும் புழுக்கம் பொல்லாதது ஆவது இங்கேதான்.

தோல் 35 டிகிரி என்றோமே, அதிலிருந்து ஈரக்குமிழ் அளவைக் கழித்துப் பாருங்கள். திண்டுக்கல்லில் ஏறக்குறைய 11 கிடைக்கும். சென்னையில் 6கூட வராது. இந்த இடைவெளி சுருங்கச் சுருங்க வியர்வை காய்வது குறையும். ஈரக்குமிழ் அளவே 35 ஆகிவிட்டால், நிழலில் உட்கார்ந்து எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் உடம்பால் தன்னைக் குளிர்விக்க முடியாது. இதை மனிதரால் தாங்க முடியாத எல்லையாக 2010இல் ஷெர்வுட், ஹூபர் என்ற இரு விஞ்ஞானிகள் கணித்தார்கள். அது கணக்கில் வந்த எல்லை. 2022இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் திடமான இளைஞர்களையே சோதனை அறையில் வைத்துப் பார்த்தபோது, புழுக்கமான காற்றில் ஏறக்குறைய 31 டிகிரியிலேயே அவர்கள் உடம்பின் உள்வெப்பம் ஏறத் தொடங்கியது.

சரி, செய்தியில் சொல்லும் வெப்பக் குறியீடு என்பது என்ன? அதை வெப்பமானியால் அளக்க முடியாது, கணக்குப் போட்டுச் சொல்கிறார்கள். வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் சேர்த்து, உடம்பு எத்தனை டிகிரியாக உணரும் என்று சொல்லும் எண் அது. ராபர்ட் ஸ்டெட்மன் என்பவர் 1979இல் இதற்கு அடித்தளம் போட்டார். இந்திய வானிலை ஆய்வுத் துறை 2023இல் இதைச் சோதனை முறையில் வெளியிடத் தொடங்கியது. அமெரிக்க வானிலைச் சேவையின் சூத்திரத்தில் நம் எண்களைப் போட்டால் திண்டுக்கல்லின் 40 டிகிரி 41ஆகத்தான் ஆகிறது. சென்னையின் 35 டிகிரியோ 47ஐத் தாண்டிவிடுகிறது.

ஒன்றை மறக்கக் கூடாது. இந்தக் கணக்கு நிழலில், லேசான காற்றில் இருப்பவருக்கானது. நேர் வெயிலில் நின்றால் இன்னும் 8 டிகிரிவரை கூட்டிக்கொள்ள வேண்டியிருக்கும்.

திண்டுக்கல் பிள்ளைகள் "நமக்குப் புழுக்கக் கவலை இல்லை" என்று நினைத்துவிட வேண்டாம். வேடசந்தூர்ப் பக்கம் போனால் வரிசையாக நூற்பாலைகள். காற்று வறண்டிருந்தால் பஞ்சு இழை அறுந்து அறுந்து போகும். அதனால் மில்லுக்குள் நீரைத் தூவி ஈரப்பதத்தை 55, 60 சதவீதத்தில் வைத்திருப்பார்கள். வெளியே 40 டிகிரி கொளுத்தும்போது உள்ளே 34 டிகிரிதான் என்று வைத்துக்கொள்வோம். 60 சதவீத ஈரப்பதத்தில் அங்கே ஈரக்குமிழ் அளவு 27 டிகிரியைத் தாண்டும். வெளியே வெறும் 24தான்! நூலுக்கு இதமான காற்று, அறுந்த இழையை ஒட்டிக்கொண்டே நாள் முழுக்க நடக்கும் அக்காமாருக்கு இதமாக இருப்பதில்லை. வைகாசியில் கோடை மழை பெய்து நின்ற மறு மணி நேரத்திலும் வீட்டுக்குள் இதே நிலைதான்.

வெப்பநிலை எண்ணை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது என்பதற்கு ஒரு சோகமான சாட்சி உண்டு. 2024 அக்டோபர் 6ஆம் தேதி சென்னை மெரினாவில் இந்திய விமானப்படையின் சாகச நிகழ்ச்சி நடந்தது. லட்சக்கணக்கானோர் கடற்கரையில் கூடினார்கள். கத்திரி வெயில் முடிந்து நான்கு மாதங்களாகிவிட்ட காலம். அப்படியும் ஐந்து பேர் இறந்துபோனார்கள், வெயிலே காரணம் என்று அரசு சொன்னது. நேர் வெயில், கடல் ஈரம், காற்று புக இடமில்லாத கூட்டம், நகர முடியாத நெரிசல் எல்லாம் சேர்ந்துகொண்டன. அதே மாதத்தில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது.

வானிலைத் துறையின் விதியிலும் இந்த வேறுபாடு தெரிகிறது. வெப்ப அலை என்று பேச்செடுக்க, திண்டுக்கல் போன்ற சமவெளியில் வெப்பநிலை குறைந்தது 40 டிகிரியை எட்ட வேண்டும். கடலோர ஊர்களுக்கு 37 டிகிரியே போதும்.

வறண்ட வெயிலை நல்ல பிள்ளை என்று நான் சொல்லவில்லை. அதில் வியர்வை சுரந்த உடனே காய்ந்துவிடுவதால் எவ்வளவு தண்ணீர் போனது என்றே தெரியாது. தாகம் எடுக்கும்வரை காத்திருந்தால் தலைசுற்றல் முந்திக்கொள்ளும். திண்டுக்கல் வெயிலுக்கு மருந்து நிழலும், தண்ணீரும், ஈரத் துண்டும். புழுக்கத்தில் ஈரத் துண்டு அவ்வளவாக உதவாது. அங்கே காற்றோட்டமும் வேலைக்கு நடுவே ஓய்வும்தான் வேண்டும்.

வெயிலிலோ புழுக்கத்திலோ இருப்பவர் பேச்சுக் குழறினாலோ, தடுமாறினாலோ, உடம்பு நெருப்பாகச் சுட்டாலோ அது வெப்பவாதம். உடனே 108ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை நிழலுக்குக் கொண்டுபோய், உடைகளைத் தளர்த்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும்.