உள்ளே வர வழியில்லாத வீட்டு இணையம்

ராஸ்பெர்ரி பை போன்ற கையடக்கக் கணினி ஒன்றை வீட்டு ரவுட்டரில் செருகி, அதில் வயர்கார்ட் நிறுவினால், வெளியூரிலிருந்து கைப்பேசி வழியே வீட்டுக் கேமராவையும் ஹார்ட் டிஸ்கில் கிடக்கும் படங்களையும் பத்திரமாக எட்டலாம். கேமரா கம்பெனியின் சர்வரை நம்ப வேண்டியதில்லை. வயர்கார்ட் இலவச மென்பொருள். 2020 மார்ச்சில் வெளியான லினக்ஸ் 5.6 முதல் அது இயங்குதளத்தின் உள்ளேயே இருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரு ஜோடி சாவி, நாலைந்து வரி அமைப்பு, அவ்வளவுதான் வேலை.

நம் ஊர் வீட்டு இணைப்புகளில் பலவற்றில் இந்த வேலை கடைசிப் படியில் நின்றுவிடுகிறது. சாவிகள் சரி. ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங்கும் போட்டாயிற்று. வீட்டு வைஃபையில் இருந்தபடி கணினியின் உள் முகவரியைக் கொடுத்தால் உடனே இணைகிறது. கைப்பேசியை மொபைல் டேட்டாவுக்கு மாற்றினால் எதுவும் நடப்பதில்லை. பிழைச் செய்தியும் வராது. சரியான சாவி இல்லாத யாருக்கும் பதிலே சொல்லாமல் இருப்பது வயர்கார்டின் இயல்பு. அதனால் தகவல் போய்ச் சேரவில்லையா, சேர்ந்தும் நிராகரிக்கப்பட்டதா என்று வெளியே இருந்து தெரியாது. மடிக்கணினியில் `wg show` என்று தட்டிப் பார்த்தால் இப்படி ஒரு வரி கிடைக்கும்:

```
transfer: 0 B received, 1.45 KiB sent
```

வயர்கார்டின் முதல் அழைப்பு 148 பைட். பதில் வராவிட்டால் சுமார் ஐந்து விநாடிக்கு ஒருமுறை மறுபடி அனுப்பும். 1.45 கேபி என்றால் பத்து முறை கூப்பிட்டிருக்கிறது, ஒருமுறைகூடப் பதில் இல்லை என்று பொருள். இந்த இடத்தில் பலர் சாவிகளை அழித்துத் திரும்ப உருவாக்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமையையே தொலைக்கிறார்கள். கோளாறு அங்கே இல்லை. வீட்டுக்கென்று வெளியுலகில் ஒரு முகவரியே கிடையாது என்பதுதான் கோளாறு.

பழைய வகை இணைய முகவரிகள், அதாவது ஐபிவி4, மொத்தம் சுமார் 430 கோடிதான். உலகப் பொதுக் கையிருப்பில் மிச்சமிருந்தவை 2011 பிப்ரவரியில் பகிர்ந்து முடிந்தன. ஆசிய பசிபிக் பகுதிக்கான பதிவகம் அதே ஆண்டு ஏப்ரலிலேயே தன் கடைசித் தொகுப்புக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு லட்சக்கணக்கான வீடுகளுக்கு ஃபைபர் இழுத்த நிறுவனங்களுக்கு வீட்டுக்கொரு முகவரி தரக் கையிருப்பு இல்லை. ஆகவே ஒரு பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டார்கள். இதற்குப் பெயர் சிஜிநாட். அலுவலகத்தில் வெளியே ஒரே தொலைபேசி எண், உள்ளே நூறு மேசைகள் என்று இருப்பதைப் போன்ற ஏற்பாடு இது. எந்த மேசையிலிருந்தும் வெளியே கூப்பிடலாம். வெளியிலிருந்து அந்த எண்ணுக்கு அழைத்தால் எந்த மேசைக்குக் கொடுப்பது என்று யாருக்கும் தெரியாது.

நம் வீடு இந்த ஏற்பாட்டுக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது எளிது. ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வேன் ஐபி என்று ஒரு முகவரி இருக்கும். பிறகு, வெளியுலகுக்கு நம் முகவரி எப்படித் தெரிகிறது என்று காட்டும் இணையதளம் ஏதாவது ஒன்றைத் திறந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் பிரச்சினை இல்லை. வேறாக இருந்து, வேன் ஐபி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் சந்தேகமே வேண்டாம்: 2012இல் இதற்கென்றே ஒதுக்கப்பட்ட முகவரி வரிசை அது. சில நிறுவனங்கள் 10 என்று தொடங்கும் முகவரியையும் தருகின்றன. 192.168 என்று தொடங்கினால் மட்டும் கொஞ்சம் பொறுங்கள். நிறுவனம் மாட்டிய ஃபைபர் பெட்டியும் உங்கள் ரவுட்டரும் ஒன்றன் பின் ஒன்றாக இருப்பது காரணமாக இருக்கலாம். அது வீட்டுக்குள்ளேயே தீர்க்கக்கூடியது.

சிஜிநாட் என்று உறுதியானால் போர்ட் ஃபார்வர்டிங் பலிக்காது. திறக்க வேண்டிய கதவு உங்கள் ரவுட்டரில் இல்லை, நிறுவனத்தின் கருவியில் இருக்கிறது. மாறும் முகவரிக்குப் பெயர் வைக்கும் டைனமிக் டிஎன்எஸ் சேவையும் உதவாது. அது காட்டுவது பல வீடுகள் பங்கிடும் முகவரியை.

வழி என்னவென்றால், யார் முதலில் கூப்பிடுவது என்பதை மாற்றுவது. வீட்டிலிருந்து வெளியே போகத் தடையில்லை. எனவே பொது முகவரி உள்ள சிறு சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்து, வீட்டுக் கணினி அதை அழைத்துத் தொடர்பைத் துண்டிக்காமல் வைத்திருந்தால் போதும். விபிஎஸ் என்று சொல்லப்படும் இந்த வாடகை இயந்திரங்களில் மிக மலிவானதே போதுமானது. அரை ஜிபி ராம் உள்ள இயந்திரமே ஒரு குடும்பத்தின் போக்குவரத்தைச் சிரமமின்றித் தாங்கும். கைப்பேசியும் அதே சர்வரை அழைக்கும். இரண்டும் அங்கே சந்திக்கும்.

வீட்டுக் கணினியில் எழுத வேண்டியது இவ்வளவுதான். முகவரிகள் உதாரணத்துக்கு:

```
[Interface]
Address = 10.8.0.2/24
PrivateKey = <வீட்டின் ரகசியச் சாவி>

[Peer]
PublicKey = <சர்வரின் பொதுச் சாவி>
Endpoint = 203.0.113.10:51820
AllowedIPs = 10.8.0.0/24
PersistentKeepalive = 25
```

கடைசி வரிதான் இதன் உயிர். வீட்டிலிருந்து ஒரு தகவல் வெளியே போகும்போது, பதில் யாருக்கு என்பதை நிறுவனத்தின் கருவி குறித்துக்கொள்கிறது. கொஞ்ச நேரம் எதுவும் போகாவிட்டால் அந்தக் குறிப்பை அழித்துவிடும். அரை நிமிடத்திலேயே அழிக்கும் கருவிகள் உண்டு. 25 விநாடிக்கு ஒருமுறை ஒரு சின்னத் தகவல் போய்க்கொண்டிருந்தால் குறிப்பு அழியாது. நள்ளிரவில் நிறுவனம் பொது முகவரியை மாற்றினாலும் கவலை இல்லை. அடுத்த தகவல் எந்த முகவரியிலிருந்து வருகிறதோ அதையே சர்வர் வீட்டின் புது இடமாக எடுத்துக்கொள்ளும். இந்த வரி விடுபட்டால் காலையில் வேலை செய்யும் இணைப்பு மாலையில் செத்துக் கிடக்கும். வீட்டுக்குள்ளிருந்து யாராவது எதையாவது அனுப்பினால் உயிர் வரும். இந்த அறிகுறியைக் கண்டால் முதலில் பார்க்க வேண்டியது இந்த 25ஐத்தான்.

சர்வர் பக்கம்:

```
[Interface]
Address = 10.8.0.1/24
ListenPort = 51820
PrivateKey = <சர்வரின் ரகசியச் சாவி>

[Peer]   # வீடு
PublicKey = <வீட்டின் பொதுச் சாவி>
AllowedIPs = 10.8.0.2/32, 192.168.47.0/24

[Peer]   # கைப்பேசி
PublicKey = <கைப்பேசியின் பொதுச் சாவி>
AllowedIPs = 10.8.0.3/32
```

கைப்பேசியில் சர்வரை எண்ட்பாயின்ட்டாகக் கொடுத்து, அனுமதி முகவரிகளாக 10.8.0.0/24, 192.168.47.0/24 இரண்டையும் எழுத வேண்டும். சர்வரிலும் வீட்டுக் கணினியிலும் `net.ipv4.ip_forward=1` என்று அமைப்பதும் அவசியம். இல்லாவிட்டால் ஒருவரிடம் வாங்கி இன்னொருவரிடம் கொடுக்கும் வேலையை அவை செய்யா.

வீட்டு வலையமைப்புக்கு 192.168.47 என்று எழுதியிருப்பது காரணத்தோடுதான். பெரும்பாலான ரவுட்டர்கள் 192.168.1 அல்லது 192.168.0 என்றே வருகின்றன. நீங்கள் தங்கும் விடுதியிலும் அதே எண் இருந்தால், வீட்டுக் கேமராவைத் தேடும் கைப்பேசி விடுதியின் வலையமைப்பிலேயே தேடிக்கொண்டிருக்கும். முன்கூட்டியே வீட்டு ரவுட்டரில் எண்ணை மாற்றிவிடுங்கள்.

இன்னொரு தடங்கல்: 10.8.0.2 கிடைக்கிறது, கேமரா மட்டும் கிடைக்கவில்லை. கேட்ட தகவல் கேமராவுக்குப் போய்விட்டது, 10.8.0.3க்குப் பதிலை எந்த வழியில் அனுப்புவது என்று தெரியாமல் கேமரா அதை ரவுட்டரிடம் கொடுக்கிறது, ரவுட்டருக்கும் தெரியாது. வீட்டுக் கணினியே கேட்பதுபோல் காட்டிவிட்டால் சரியாகும்:

```
iptables -t nat -A POSTROUTING -s 10.8.0.0/24 -o eth0 -j MASQUERADE
```

இணைப்பே வராவிட்டால் சர்வரில் `tcpdump -ni eth0 udp port 51820` ஓடவிட்டுப் பாருங்கள். கார்டின் பெயர் `eth0` இல்லையென்றால் அதற்கேற்ப மாற்றுங்கள். எதுவும் வரவில்லையென்றால் வாடகை நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் உள்ள ஃபயர்வாலைத் திறக்கவில்லை, அல்லது யுடிபிக்குப் பதில் டிசிபியைத் திறந்திருக்கிறீர்கள். தகவல் வந்தும் பதில் போகவில்லையென்றால் சர்வருக்குள் இருக்கும் ஃபயர்வாலையும் சாவிகளையும் பாருங்கள்.

இந்த அமைப்பில் ஒரு குறை உண்டு, அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கைப்பேசியிலிருந்து வருவதைச் சர்வர் பிரித்து, மறுபடி பூட்டித்தான் வீட்டுக்கு அனுப்புகிறது. நடுவில் அது திறந்த நிலையில் இருக்கிறது. சர்வருக்குள் யாராவது நுழைந்துவிட்டால், கேமரா படங்கள் தனியாகப் பூட்டப்படாதவையாக இருந்தால் அவற்றைப் பார்க்க முடியும், வீட்டு வலையமைப்புக்குள்ளும் வர முடியும். கம்பெனி சர்வரை நம்பாமல் இவ்வளவு பாடுபட்ட பிறகு இது வேண்டுமா?

வேண்டாம் என்பவர்கள் ஒரு படி மேலே போகலாம். வீட்டுக் கணினியில் இரண்டாவது வயர்கார்ட் ஒன்றை 51821 போர்ட்டில் அமைத்து, கைப்பேசியின் சாவியை அதில் மட்டும் வைக்க வேண்டும். சர்வர் தன் 51821க்கு வரும் யுடிபியைப் பிரிக்காமல் முதல் சுரங்கம் வழியாக வீட்டுக்குத் தள்ளிவிடும். கைப்பேசியின் உரையாடலைத் திறக்கும் சாவி சர்வரிடம் இருக்காது. சுரங்கத்துக்குள் சுரங்கம் என்பதால் ஒவ்வொரு தகவலிலும் இடம் குறையும். அதனால் உள் சுரங்கத்தின் எம்டியுவை வழக்கமான 1420இலிருந்து 1340ஆக இரண்டு முனையிலும் இறக்க வேண்டும். மறந்தால் பிங் போகும், சின்னப் பக்கங்கள் திறக்கும், படமும் கோப்பும் பாதியில் உறைந்து நிற்கும். கேமராக்களுக்கு நான் இந்த இரண்டாம் முறையையே பரிந்துரைப்பேன்.

சர்வர் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். ஃபைபரில் ஒளி விநாடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகும். மதுரையில் இருந்துகொண்டு மதுரை வீட்டைப் பார்க்க ஜெர்மனி சர்வரை எடுத்தால், கேட்பதும் பதிலும் ஜெர்மனிக்குப் போய்த்தான் திரும்பும். மும்பையோ சிங்கப்பூரோ கொஞ்சம் விலை கூடினாலும் எடுங்கள். டேட்டா கணக்கையும் பாருங்கள்: 2 எம்பிபிஎஸ் கேமராக் காட்சியை ஒரு மணி நேரம் பார்த்தால் சுமார் 900 எம்பி சர்வருக்குள் வந்து, அதே அளவு வெளியே போகும்.

பணம் கட்டும் முன் இரண்டு விஷயங்களை விசாரித்துவிடுங்கள். உங்கள் இணைய நிறுவனம் நிலையான பொது முகவரியைக் கூடுதல் கட்டணத்துக்குத் தரலாம். அது வாடகைச் சர்வரைவிட மலிவாக இருந்தால் அதையே வாங்குங்கள். வீட்டுக்கு ஐபிவி6 கிடைக்கிறதா என்றும் பாருங்கள். கிடைத்து, வெளியிலிருந்து வரும் யுடிபியை உங்கள் ரவுட்டர் அனுமதித்தால், ஐபிவி6 உள்ள மொபைல் இணைப்பிலிருந்து வீட்டுக்கு நேராகவே போகலாம். இரண்டும் இல்லையென்றால் சர்வரை எடுங்கள். எடுத்த அன்றே அதில் கடவுச்சொல் நுழைவை நிறுத்தி, எஸ்எஸ்எச் சாவி வழியே மட்டும் நுழையும்படி மாற்றிவிடுங்கள்.