ஆகாய மார்க்கம் – 9: பெட்டியோடு சேர்த்த விலை

உடுமலைப்பேட்டையிலிருந்து சிங்கப்பூருக்குப் பிரயாணப்படுகிறவருக்குப் பொள்ளாச்சி வழியாகக் கோயமுத்தூர் சேர்ந்து பீளமேட்டில் விமானம் ஏறுவதே சௌகரியம். அந்த மார்க்கத்தில் முன்பு பறந்த சில்க்ஏர் விமானத்தில் பெட்டிக்கும் உணவுக்கும் தனியாகக் காசு கேட்கும் வழக்கமில்லை. 2019-இல் அதன் இடத்துக்கு அதே சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த மலிவுக் கட்டண நிறுவனமாகிய ஸ்கூட் வந்தது. டிக்கெட் விலை இறங்கிற்று, ஆனால் அந்த விலைக்குள் என்னென்ன அடங்கும் என்பதும் மாறிற்று.

ஸ்கூட்டின் மிகக் குறைந்த கட்டணத்துக்குக் கிடைப்பது ஓர் ஆசனமும் 10 கிலோ கைப்பையுமே. பெட்டி, உணவு, விரும்பிய இருக்கை யாவும் தனித்தனி விலை. அவ்விலையும் போகவர ஒருமுறையன்று, போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. இதைக் கவனியாமல், திரையில் தோன்றும் முதல் எண்ணைச் சென்னையிலிருந்து புறப்படும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் கட்டணத்துக்குப் பக்கத்தில் வைத்து, ‘பாதி விலைதானே!’ என்று பூரித்துப்போகிறவர்கள் அநேகர்.

ஆகவே ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். பனியன் கம்பெனி மெர்ச்சண்டைசர் ஒருவர் சாம்பிள் துணிகளோடு சிங்கப்பூரிலுள்ள வாடிக்கையாளரைக் காணப் புறப்படுகிறார். 180 ஜி.எஸ்.எம். துணியில் தைத்த டி-ஷர்ட் ஒன்று ஏறத்தாழ 180 கிராம் இருக்குமாதலால், நூறு உருப்படி கொண்ட அட்டைப்பெட்டி 18 கிலோவுக்குக் குறையாது. கைப்பையில் அதை அடக்க நினைப்பது வீண். கட்டணங்கள் நாளுக்கு நாள் மாறுகிறவையாகையால், கணக்குக்காக மட்டும் சில எண்களை வைத்துக்கொள்கிறேன்: வெறும் டிக்கெட் ஒரு வழிக்கு 8,000, 20 கிலோ பெட்டிக்கு 2,800, உணவுக்கு 600, இருக்கைக்கு 500 ரூபாய். யாவற்றையும் இரு வழிக்கும் வாங்கினால் 16,000 ரூபாய் 23,800 ஆகிவிடும். சென்னையிலிருந்து முழுச்சேவை டிக்கெட் போகவர 26,000 என்று கொண்டால் வித்தியாசம் 2,200 ரூபாய்தான். அதிலும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் அடிமட்டக் கட்டணத்திலேயே 25 கிலோ பெட்டியும் உணவும் சேர்த்தி.

ஆனால் சாம்பிள்கள் திரும்பி வருவதில்லை, வாடிக்கையாளரிடமே தங்கிவிடுகின்றன. ஆகையால் நம் மெர்ச்சண்டைசர் போகும் வழிக்கு மட்டும் பெட்டி வாங்கினால் போதும். நாலு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட பயணத்துக்கு வீட்டில் உண்டுவிட்டே கிளம்பலாம். தனியாகப் போகிறவர் கிடைத்த இருக்கையில் உட்காரலாம், ஏனெனில் இருக்கைக்குப் பணம் கட்டாதவருக்கும் ஓர் இருக்கை உண்டு, தேர்ந்தெடுக்கும் உரிமை மட்டுமே இல்லை. இப்படிப் பார்த்தால் அவர் செலவு 18,800-இல் முடிகிறது. சென்னைக்குப் போய்வரும் ரயில் செலவையும் இடையில் தங்கும் செலவையும் எதிர்ப்பக்கத்தில் சேர்த்தால், இவர் விஷயத்தில் மலிவு விமானம் மெய்யாகவே மலிவுதான்.

இதே மனிதர் பெட்டியை முன்கூட்டி வாங்காமல் நேரே கவுண்டரில் போய் நின்றால் கதை வேறு. விமான நிலையத்தில் எடைக்கு வசூலிக்கும் தொகை இணையத்தில் முன்பே கட்டுவதைவிடப் பன்மடங்கு உயர்வு; மிச்சம் பிடித்ததெல்லாம் தராசின் முன்னே கரைந்துபோகும். வீட்டுத் தராசில் 18 காட்டிய பெட்டி, அட்டையும் டேப்பும் மாற்றுத்துணியும் சேர்ந்து அங்கே 21 காட்டுவது சர்வ சாதாரணம். டிக்கெட் எடுக்கும்போதே 25 கிலோவுக்குக் கட்டிவிடுவது விவேகம் என்பது என் அபிப்பிராயம்.

மகள் வீட்டுக்குச் செல்லும் தாயாருக்கோ கணக்கு வேறு. போகும்போது பொடிவகைகளும் தேங்காய் எண்ணெயும், வரும்போது பேரன் பேத்தி வாங்கிக் கொடுத்த சாமான்களுமாக இரு வழியும் பெட்டி நிறைந்தே இருக்கும். (நம்மூர்க் கொப்பரையை மட்டும் வைக்க வேண்டாம், தீப்பற்றக்கூடியது என்று எடுத்து வைத்துவிடுவார்கள்.) வயதானவருக்கு நடைபாதை ஓரத்து இருக்கை அவசியம், உணவும் வேண்டும். அவருக்கு 23,800 முழுவதும் ஆகும். தேதி மாற்றினால் அதற்கும் கட்டணம். முழுச்சேவையிலும் இப்போது அடிமட்ட டிக்கெட்டுக்கு இருக்கைத் தேர்வு தனி விலையாகிவிட்டதால், அங்கேயும் அந்த ஒன்றைக் கூட்டித்தான் ஒப்பிட வேண்டும். சென்னையில் அவருக்கு இன்னொரு பிள்ளை இருந்து, எப்படியும் அங்கே நாலு நாள் தங்கப்போகிறவரானால், ரயில் செலவு இக்கணக்கில் சேராது. அப்போது நான் அவரைச் சென்னை விமானத்திலேயே ஏற்றிவிடுவேன்.